நடுராத்திரியில் அம்மாவுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறது, தண்ணீர் நிறையக் குடித்தும் நிற்கவில்லை

கோவில்பட்டி மகள்

அம்மாவுக்கு 68 வயது, ஊரில் தனியாக இருக்கிறார். நான் சென்னையில். கொஞ்ச நாளாக விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார். போன வாரம் நான் ஊரில் இருந்தபோது நேரிலேயே பார்த்தேன். கெண்டைச் சதை ஒரு பக்கமாகத் திரண்டு, தொட்டால் கல் மாதிரி இருந்தது. பாதம் தானாகக் கீழ்நோக்கி வளைந்து, விரல்கள் மடங்கிப்போயின. இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டுவிட்டது. ஆனால் மறுநாள் மாலை வரை அந்த இடத்தைத் தொட்டாலே வலி என்றார்.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் "உடம்பில் தண்ணீர் இல்லை" என்று சொன்னதால் ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் வரை குடிக்கிறார். வாழைப்பழமும் இளநீரும் தினமும் உண்டு. பிரஷருக்காக உப்பைப் பாதிக்கு மேல் குறைத்துவிட்டார். ஆனாலும் குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. வேறு என்ன பார்க்கலாம்?

ராஜபாளையம் முருகன்

அக்கா, இது மெக்னீசியம் குறைபாடு. எனக்கு இரண்டு வருடம் இதே தொல்லை இருந்தது. மெக்னீசியம் மாத்திரை ஆரம்பித்த பிறகு ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறேன். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். அம்மாவுக்கும் படுக்கப் போகும்முன் ஒன்று கொடுங்கள். டாக்டரிடம் போனால் நரம்புக்கு என்று பி12 ஊசி போட்டு அனுப்புவார்கள், அதனால் பலன் இல்லை.

புதுகை வாசன்

எங்கள் அப்பாவுக்கும் இதேதான். 61 வயது. டீக்கடை வரை நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, நின்றுவிடுவார். ஐந்து நிமிடம் நின்றால் சரியாகிவிடும், மறுபடி அதே தூரம் நடந்தால் மறுபடி பிடிக்கும். சர்க்கரை உண்டு, பீடி இன்னும் விடவில்லை. அவருக்கும் மெக்னீசியம் கொடுக்கலாமா?

பழைய மருந்தாளுநர்

மகளுக்கு: அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் அட்டையைத் திருப்பிப் பார்த்து அப்படியே எழுதுங்கள். மேலே பெரிதாக அச்சடித்திருக்கும் கம்பெனிப் பெயர் வேண்டாம், கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் வேண்டும். கடந்த சில மாதங்களில் எதாவது மாற்றினார்களா என்பதையும் கேளுங்கள். அது தெரியாமல் எந்தச் சத்து மாத்திரையும் கொடுக்காதீர்கள்.

வாசன் தம்பி, உங்கள் அப்பாவின் விஷயம் வேறு. அவருக்கு மெக்னீசியம் வேண்டாம், அதைத் தனியாகப் பேசுவோம்.

கோவில்பட்டி மகள்

ஐயா, அம்மாவை வீடியோ காலில் காட்டச் சொல்லிப் பார்த்தேன். காலையில் பிரஷர் மாத்திரை ஒன்று: டெல்மிசார்டன் 40, கூடவே குளோர்தாலிடோன் 12.5 என்று போட்டிருக்கிறது. ராத்திரி அடோர்வாஸ்டாட்டின் 10. அவ்வளவுதான். முன்பு பிரஷருக்கு வெறும் டெல்மிசார்டன்தான் இருந்தது. பிரஷர் 160-க்கு மேல் போனதால் "அதே மாத்திரைதான், கொஞ்சம் பவர் கூட" என்று மாற்றிக் கொடுத்தார்களாம். மாற்றியதற்குப் பிறகுதான் கால் இழுப்பது ஆரம்பித்தது என்று இப்போது நான் கேட்ட பிறகு சொல்கிறார்.

பழைய மருந்தாளுநர்

அதைத்தான் எதிர்பார்த்தேன். குளோர்தாலிடோன் ஒரு தண்ணி மாத்திரை. சிறுநீரில் உப்பை வெளியேற்றித்தான் அது பிரஷரைக் குறைக்கிறது. பெயர் வேறாக இருப்பதாலும் ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து இருப்பதாலும், தண்ணி மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. அட்டையில் ஹைட்ரோகுளோரோதயாசைடு, இண்டபமைடு என்று இருந்தாலும் இதே குடும்பம்தான்.

இனி உங்கள் அம்மாவின் ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். மாத்திரை உப்பை வெளியே தள்ளுகிறது. அவரோ சாப்பாட்டில் உப்பைக் குறைத்துவிட்டார். மேலே நான்கு லிட்டர் வெறும் தண்ணீர். வழக்கமாக, குடித்த தண்ணீர் கூடிப்போனால் சிறுநீரகம் அதைத் தெளிவான சிறுநீராக வெளியேற்றிவிடும். இந்த வகை மாத்திரை அந்தத் திறனையும் குறைத்துவிடுகிறது. வயதானவர்களுக்கு அந்தத் திறன் ஏற்கெனவே குறைவு. விளைவு, ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகிறது. ஒல்லியான, வயதான பெண்களுக்கு இது அதிகம் நடக்கும். மாத்திரை ஆரம்பித்த முதல் சில வாரங்களில் தெரியலாம், பல மாதம் கழித்தும் வரலாம்.

அதனால் ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் கால்சியமும் மெக்னீசியமும். லேபில் "எலக்ட்ரோலைட்" என்று கேட்டால் முதல் இரண்டும் வந்துவிடும். சோடியம் 135-க்கும் 145-க்கும் இடையில் இருக்க வேண்டும்.

இன்றைக்கே அம்மாவிடம் கேட்க வேண்டியது இன்னொன்று: தலைவலி, குமட்டல், நடக்கும்போது தள்ளாட்டம், வழக்கத்தைவிடச் சோர்வு, பேச்சில் குழப்பம் ஏதாவது இருக்கிறதா? குழப்பமோ வலிப்போ இருந்தால் லேபுக்குப் போகக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிக்குத்தான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கால் இழுப்பு வரும் பெரும்பாலோருக்கு இந்த டெஸ்டில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். உங்கள் அம்மாவுக்கு ஏன் கேட்கிறேன் என்றால், மாத்திரை மாறியதும் இழுப்பு ஆரம்பித்ததும் ஒட்டி நடந்திருக்கின்றன.

ஷார்ஜா செந்தில்

ஐயா சொல்வதை எங்கள் சைட்டில் கண்கூடாகப் பார்க்கிறோம். ஜூன் 15-லிருந்து செப்டம்பர் 15 வரை மதியம் 12:30 முதல் 3 வரை வெயிலில் வேலை கிடையாது, ஆனால் மற்ற நேரமும் கொதிக்கும். புதிதாக வந்த பையன்கள் தாகத்துக்கு வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளுவார்கள். ராத்திரி கேம்ப்பில் மேல் படுக்கையிலிருந்து காலைப் பிடித்துக்கொண்டு அலறுவார்கள். சேஃப்டி அதிகாரி ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கொடுத்த பிறகுதான் குறைந்தது. அக்கா, அம்மாவுக்கும் தினமும் ஒரு பொட்டலம் கரைத்துக் கொடுத்தால் சரியாகிவிடுமே?

பழைய மருந்தாளுநர்

தம்பி, நீங்கள் பார்த்தது சரி. வேர்வையில் தண்ணீர் மட்டும் போவதில்லை, உப்பும் போகிறது. தண்ணீரை மட்டும் திருப்பி ஊற்றினால் மிச்சமிருக்கும் உப்பும் நீர்த்துப்போகும். இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வந்த தசைப்பிடிப்பை 1920-களிலேயே இப்படித்தான் விளக்கினார்கள், குடிநீரில் உப்புச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். வேர்த்துக் கொட்டி வேலை செய்பவருக்கு ஓ.ஆர்.எஸ். நல்லதுதான்.

ஆனால் அம்மாவுக்கு அதை யோசிக்காமல் கொடுக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி ஒரு லிட்டரில் 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. பிரஷர் 160-க்கு மேல் போனவருக்குத் தினமும் இது வேண்டாம். அவருக்கு உப்பு வேர்வையில் போகவில்லை, மாத்திரையால் போகிறது. அந்த வழியை அடைக்காமல் மேலே உப்பைக் கொட்டிப் பயனில்லை. இளநீரையும் கவனிக்க வேண்டும். அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. டெல்மிசார்டன் பொட்டாசியத்தை உடம்பில் பிடித்து வைக்கும் மருந்து, குளோர்தாலிடோன் வெளியேற்றும் மருந்து. இரண்டும் சேரும்போது எந்தப் பக்கம் சாயும் என்பதை ரத்தம் பார்த்துத்தான் சொல்ல முடியும். கிரியாட்டினின் கூடியிருந்தால் தினமும் இளநீர் ஆபத்து.

வார்டு சிஸ்டர்

வாசன், உங்கள் அப்பாவைப் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். நடந்தால் வலி, நின்றால் போகும், மறுபடி அதே தூரத்தில் வரும் என்றால் அது காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அதுவும் சர்க்கரையும் பீடியும் சேர்ந்தவருக்கு. நான் வேலை பார்க்கும் அறுவைச் சிகிச்சை வார்டில் விரல் கறுத்த பிறகு வருபவர்கள் எல்லோரும் "முதலில் கெண்டைக்கால் பிடிப்புன்னு நெனச்சோம்" என்றுதான் சொல்வார்கள். காலைத் திருப்பிப் பாருங்கள். முடி உதிர்ந்து, தோல் பளபளவென்று, பாதம் சில்லென்று இருக்கிறதா? விரலிடுக்கில் ஆறாத புண் இருக்கிறதா? அறுவைச் சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். கணுக்காலிலும் கையிலும் பிரஷர் எடுத்து ஒப்பிட்டாலே ஓரளவு தெரிந்துவிடும், ஆனால் சர்க்கரை இருப்பவர்களுக்கு அந்த அளவு ஏமாற்றலாம், அதனால் ஸ்கேனும் கேட்பார்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மகளுக்கு: இழுக்கும்போது அம்மா என்ன செய்கிறார்? பலர் காலைக் கையால் பிசைந்துகொண்டே விரலை நீட்டுவார்கள், அது இன்னும் இறுக்கும். முழங்காலை மடக்காமல் நேராக வைத்து, பாதத்தின் முன்பகுதியைத் தன்னை நோக்கி இழுக்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தலைமாட்டில் ஒரு துண்டு வைத்துக்கொண்டு, அதை உள்ளங்காலின் முன்பக்கம் போட்டு இரண்டு முனையையும் இழுக்கலாம். எழுந்து நின்று குதிகாலைத் தரையில் அழுத்தினாலும் விடும், ஆனால் தனியாக இருக்கும் அம்மா இருட்டில் திடீரென்று எழ வேண்டாம். தள்ளாட்டமும் இருந்தால் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வார். துண்டுதான் நல்லது.

ஒரே ஒரு காலில் மட்டும், விடாமல் வலி, வீக்கம், சூடு என்று இருந்தால் அது இந்த இழுப்பு அல்ல. ரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும்.

ராஜபாளையம் முருகன்

எல்லோரும் மாத்திரையையே குறை சொல்கிறீர்கள். எனக்குப் பிரஷரே கிடையாது, தண்ணி மாத்திரையும் கிடையாது. மெக்னீசியம் சாப்பிட்டேன், போய்விட்டது. இதற்கு என்ன சொல்கிறீர்கள் ஐயா?

பழைய மருந்தாளுநர்

உங்களுக்குச் சரியானதை நான் மறுக்கவில்லை. ஆனால் மெக்னீசியத்தை நன்றாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இஸ்ரேலில் ராத்திரி இழுப்பு இருந்தவர்களைப் பிரித்து, ஒரு பகுதிக்கு மெக்னீசியம் ஆக்சைடும் மறு பகுதிக்குச் சத்தில்லாத மாத்திரையும் நான்கு வாரம் கொடுத்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் இழுப்பு குறைந்தது, ஏறக்குறைய ஒரே அளவில். அதாவது இந்தத் தொல்லை தானாகவே கூடும், குறையும். மிகவும் தொல்லைப்பட்ட காலத்தில்தான் நாம் மருந்து தேடுவோம், அதற்குப் பிறகு எப்படியும் கொஞ்சம் இறங்கும். வயதானவர்களுக்கு மெக்னீசியத்தால் சொல்லும்படியான பலன் இல்லை என்றுதான் மொத்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கர்ப்பிணிகள் விஷயத்தில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை.

ஆனால் உண்மையிலேயே மெக்னீசியம் குறைந்தவருக்கு அதைக் கொடுத்தால் குணம் தெரியத்தான் செய்யும். நீங்கள் வேறு மாத்திரை எதுவும் சாப்பிடுகிறீர்களா? வயிற்றுக்கு?

ராஜபாளையம் முருகன்

கேஸுக்குப் பான்டோபிரசோல் 40, காலையில் வெறும் வயிற்றில். அது ஏழெட்டு வருடமாக. அது சும்மா கேஸ் மாத்திரைதானே?

பழைய மருந்தாளுநர்

சும்மா மாத்திரை இல்லை தம்பி. பான்டோபிரசோல், ஒமெப்ரசோல், ரபெப்ரசோல் இவற்றை வருடக்கணக்கில் சாப்பிடும் சிலருக்குக் குடல் மெக்னீசியத்தைச் சரியாக உறிஞ்சுவதில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி 2011-ல் எச்சரிக்கை விட்டது. மெக்னீசியம் ரொம்பக் குறைந்தால் கால்சியமும் பொட்டாசியமும் சேர்ந்து இறங்கும், அவற்றைத் தனியாக ஏற்றினாலும் நிற்காது. உங்கள் கதை அதுவாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம், ஆரம்பிக்கும் முன் ரத்தம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இப்போது மாத்திரை உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, அளவு சரியாகத்தான் காட்டும். எனவே, கேஸ் மாத்திரை இன்னும் உண்மையிலேயே தேவையா என்று எழுதிக்கொடுத்தவரிடம் கேளுங்கள். திடீரென்று நிறுத்தினால் சில வாரம் நெஞ்செரிச்சல் கூடும், அதனால் படிப்படியாகத்தான் குறைப்பார்கள்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மெக்னீசியம் உடம்பில் தங்கிவிடும். "கடையில் கிடைக்கும், வாங்கிக் கொடுங்கள்" என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம் என்பது அதனால்தான்.

ராஜபாளையம் முருகன்

சரி ஐயா, கேட்டுப் பார்க்கிறேன். ஆனால் எனக்கு மெக்னீசியம்தான் குணமாக்கியது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

யாழ் அக்கா, லண்டன்

என்ர அம்மாவுக்கு இங்கே ஜீ.பி. குயினைன் குளிசை எழுதித் தந்தவர். ராத்திரிக்கு ஒன்று. நல்ல சுகம். இந்தியாவில் ஏன் ஒருவரும் அதைச் சொல்லவில்லை?

பழைய மருந்தாளுநர்

அக்கா, குயினைன் ஓரளவு வேலை செய்யும், அது உண்மை. ஆனால் சிலருக்கு ரத்தத் தட்டணுக்கள் திடீரென்று விழுந்து உயிருக்கே ஆபத்தாகும், இதயத் துடிப்பும் தாறுமாறாகலாம். அதனால் அமெரிக்காவில் கால் இழுப்புக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்றே சொல்லிவிட்டார்கள். உங்கள் ஊரில் வேறு எதுவும் கேட்காதவருக்கு மட்டும், நான்கு வாரம் கொடுத்துப் பார்த்து, பலன் இல்லாவிட்டால் நிறுத்த வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்குக் காரணமில்லாமல் நீலப் புள்ளிகளோ ஈறில் ரத்தமோ தெரிந்தால் உடனே குளிசையை நிறுத்தி ஜீ.பி.யிடம் சொல்லுங்கள். காதில் இரைச்சல் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

கோவில்பட்டி மகள்

ரிசல்ட் வந்துவிட்டது. சோடியம் 127, பொட்டாசியம் 3.4, கிரியாட்டினின் 0.8. கால்சியமும் மெக்னீசியமும் சரியாக இருக்கின்றன. அம்மாவிடம் கேட்டபோது, கொஞ்ச நாளாக நடக்கும்போது ஒரு பக்கம் சாய்கிற மாதிரி இருக்கிறது, வயசுதான் காரணம் என்று நினைத்தேன் என்றார். எனக்கு நெஞ்சே பதறிவிட்டது. என்ன செய்வது?

பழைய மருந்தாளுநர்

இன்றைக்கே அந்த ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், யாராவது துணைக்குப் போகட்டும். 127-ம் தள்ளாட்டமும் சேர்ந்திருப்பதால் நாளைக்கு என்று விட வேண்டாம். வீட்டில் உப்புக் கரைத்துக் குடித்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். குறைந்த சோடியத்தை ஒரேயடியாக வேகமாக ஏற்றினால் மூளை பாதிக்கும், அதை நிதானமாகத்தான் செய்வார்கள். அதுவரை தண்ணீரைத் தாகத்துக்கு மட்டும் குடித்தால் போதும்.

கோவில்பட்டி மகள்

சித்தப்பா கூட்டிப்போனார். ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். குளோர்தாலிடோனை நிறுத்திவிட்டு, டெல்மிசார்டனோடு அம்லோடிபின் 5 கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் ஒன்றரை லிட்டருக்குள் இருக்க வேண்டும், வழக்கமான சாப்பாட்டு உப்பு போதும், தனியாகச் சேர்க்க வேண்டாம் என்றார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்ததில் சோடியம் 135. தள்ளாட்டம் போய்விட்டது, பேச்சிலேயே தெளிவு தெரிகிறது. கால் இழுப்பு முன்பு கிட்டத்தட்ட தினமும், இப்போது எப்போதாவது. ஆனால் முழுக்கப் போகவில்லை. அந்த ராத்திரி கொழுப்பு மாத்திரைதான் மிச்சக் காரணமா? நிறுத்தச் சொல்லலாமா?

வார்டு சிஸ்டர்

அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஸ்டாட்டின் மாத்திரையால் தசை வலி வருபவர்கள் இருக்கிறார்கள். அது பெரும்பாலும் இரண்டு தொடையும் தோளும் சேர்ந்து பகலெல்லாம் வலிக்கும் வலி, ராத்திரி கெண்டை மட்டும் திரள்வது அல்ல. ஆனாலும் டாக்டரிடம் சொல்லி வையுங்கள், சி.பி.கே. என்ற டெஸ்ட் எடுக்கலாம்.

68 வயதில் எப்போதாவது இழுப்பது ஒரு காரணமும் இல்லாமலே வரும். தூக்கத்தில் பாதம் கீழ்நோக்கி நீண்டு, கெண்டைச் சதை ஏற்கெனவே சுருங்கிய நிலையில் இருக்கும்போது சின்ன ஒரு தூண்டுதலே போதும். அதனால் கனமான போர்வையைக் கால்மாட்டில் இறுக்கிச் செருகாமல் தளர்த்தி விடுங்கள். படுக்கும்முன் சுவரைப் பார்த்து நின்று, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையைவிட்டு எழாமல், முழங்கால் மடங்காமல் சுவரில் சாயச் சொல்லுங்கள். கெண்டையில் இழுவிசை தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது. பத்து விநாடி பிடித்து விடுவது, ஒரு காலுக்கு மூன்று முறை. பிறகு தொடையின் பின்பக்கத்துக்கும் அதேபோல். நெதர்லாந்தில் 55 வயதுக்கு மேற்பட்ட 80 பேரிடம் ஆறு வாரம் இதைச் செய்ய வைத்துப் பார்த்ததில் இழுப்பு குறைந்தது.

பழைய மருந்தாளுநர்

அதற்கு முன் இங்கிலாந்தில் நடந்த ஒரு சோதனையில் பலன் தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் சிஸ்டர். செலவும் பக்கவிளைவும் இல்லாததால் நானும் அதைத்தான் சொல்வேன். மகளே, அம்லோடிபினால் கணுக்கால் வீங்கலாம். வீங்கினால் இன்னொரு தண்ணி மாத்திரை எழுதிவிடப் போகிறார்கள், அப்போது சோடியம் 127 வந்த ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். அந்தக் காகிதத்தை அம்மாவின் மருந்துச் சீட்டோடு பின் பண்ணி வையுங்கள்.

தஞ்சாவூர் டீச்சர்

இதைப் படித்ததும் என் இன்ஹேலர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். ஃபார்மோட்டெரால், புடெசோனைடு என்று இருக்கிறது. எனக்கும் ராத்திரி கெண்டை இழுக்கும். ஆஸ்துமா மருந்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா ஐயா?

பழைய மருந்தாளுநர்

உண்டு டீச்சர். ஃபார்மோட்டெரால் வகை மருந்துகளோடு இழுப்புக்குத் தொடர்பு காட்டிய ஆய்வு கனடாவிலிருந்து வந்திருக்கிறது, தண்ணி மாத்திரையைவிடவும் அதில் தொடர்பு வலுவாக இருந்தது. ஆனால் இழுப்புக்குப் பயந்து இன்ஹேலரை விட்டால் மூச்சுத்திணறலில் போய் நிற்கும். ஒரு நாளைக்கு எத்தனை முறை எடுக்கிறீர்கள், சால்பூட்டமால் தனியாக அடிக்கடி தேவைப்படுகிறதா?

தஞ்சாவூர் டீச்சர்

காலை இரண்டு, ராத்திரி இரண்டு. சால்பூட்டமால் பனிக்காலத்தில் மட்டும், ஆனால் அப்போது நிறைய. இழுப்பும் மார்கழி, தையில்தான் அதிகம், இப்போதுதான் சேர்த்து யோசிக்கிறேன்.

புதுகை வாசன்

சிஸ்டர், அப்பாவின் இடது கட்டைவிரல் ஓரத்தில் ஒரு புண் இருக்கிறது. செருப்பு கடித்தது என்று மறைத்து வைத்திருந்தார். பாதமும் வலதைவிடச் சில்லென்று இருக்கிறது. நாளைக் காலை மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிப்போகிறேன், எந்தப் பிரிவுக்குச் சீட்டு போட வேண்டும்?

வார்டு சிஸ்டர்

அறுவைச் சிகிச்சை வெளிநோயாளிப் பிரிவுக்குப் போடுங்கள், ரத்தநாளப் பிரிவு இருந்தால் அவர்களே அனுப்புவார்கள். சர்க்கரை ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புண்ணில் எதுவும் தடவாமல் சுத்தமான துணி மட்டும் சுற்றிக் கூட்டிவாருங்கள். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், சூடு தெரியாத காலாக இருந்தால் வெந்துவிடும். ராத்திரியில் வலி கூடினாலோ விரல் நிறம் மாறினாலோ காலை வரை காத்திருக்காதீர்கள்.